அம்மாவிடம் பேசும்போது பிள்ளையும் கேட்டுக்கொண்டிருக்கிறான்

சேலத்து இளைஞர்கள் இருவர் சேர்ந்து ஒரு செயலி தொடங்கினார்கள். வீட்டுக்கே வந்து டியூஷன் எடுக்கும் ஆசிரியர்களின் விவரங்கள் அதில் இருக்கும். பெற்றோர் பார்த்து, தங்கள் பகுதிக்கு வரக்கூடியவரைத் தேர்ந்துகொள்ளலாம். இதற்கு எஃப்.எம். ரேடியோவில் ஒரு நிமிட விளம்பரம் எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது. நான் அதுவரை எழுதியதெல்லாம் ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, செவ்வாய்ப்பேட்டை கொலுசுக்கடை, கல்யாண மண்டபம் என்று போகும். அங்கே கேட்கிறவரும் வாங்குகிறவரும் ஒருவரேதான். இங்கே பணம் கொடுப்பது அம்மா அப்பா, வாரத்தில் நான்கு நாள் சாயங்காலம் உட்கார்ந்து படிக்கப்போவது பிள்ளை.

"முதல்ல பேரன்ட்ஸ்கிட்ட பேசணும்க்கா, அப்புறம் ஸ்டூடன்ட்ஸ்கிட்ட" என்று சொன்னார்கள். அவர்களே ஒரு மாதிரியும் எழுதி வைத்திருந்தார்கள்:

"உங்கள் பிள்ளை வகுப்பில் பின்தங்குகிறானா? பக்கத்து வீட்டுப் பையன் முந்திக்கொண்டு போகிறானா? பொதுத்தேர்வுக்கு இன்னும் சில மாதங்களே! எங்கள் ஆசிரியர்களிடம் படித்தால் 95 மதிப்பெண் உறுதி. முதல் 100 பேருக்கு மட்டும் கட்டணச் சலுகை. மாணவர்களே, இனி படிப்பு ஜாலிதான்!"

இதுமாதிரி விளம்பரங்களை எல்லோரும் கேட்டிருக்கிறோம். டியூஷன் விளம்பரம் என்றாலே இப்படித்தான் என்று ஆகிவிட்டது. ஆனால் இது எந்த நேரத்தில், எந்த இடத்தில் ஒலிக்கப்போகிறது என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் வாங்கியிருந்த நேரம் காலை 7 மணி முதல் 8.30 வரை. அந்த நேரத்தில் அம்மா டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருப்பார். பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருப்பான். ஸ்கூல் வேனில் டிரைவர் வைத்த ரேடியோவை இருபது பிள்ளைகள் சேர்ந்து கேட்பார்கள். "உங்கள் பிள்ளை பின்தங்குகிறானா" என்று நாம் அம்மாவைக் கேட்கும்போதே பிள்ளை அதைக் கேட்டாகிவிட்டது. அடுத்த இருபதாவது நொடியில் அதே குரல் அவன் பக்கம் திரும்பி "படிப்பு ஜாலிதான்" என்றால் அவன் நம்புவானா? இப்போதுதான் அவனைப் பற்றி அவன் அம்மாவிடம் கோள் சொன்ன குரல் அது.

இந்த வேலை முழுவதற்கும் நான் பிடித்துக்கொண்ட விதி இதிலிருந்துதான் வந்தது. பெற்றோருக்குச் சொல்லும் ஒவ்வொரு வரியையும் பிள்ளை கேட்பதாக வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும். பிள்ளைக்குச் சொல்லும் ஒவ்வொரு வரியையும் அம்மா கேட்பதாக வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் தேறாத வரி போய்விட வேண்டியதுதான்.

தொழில் பங்காளிகளான அந்த இருவரில் இளையவர் வேறொரு யோசனை சொன்னார். "ரெண்டு விளம்பரமா பிரிச்சிடலாம்க்கா. அம்மாக்களுக்கு ரேடியோ. பசங்களுக்குத் தனியா, போன்ல அவங்க பார்க்கிற வீடியோவுக்கு நடுவுல." கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரையும் குழந்தை என்றே கணக்கில் எடுக்கிறது. அவர்கள் போனில் என்ன பார்க்கிறார்கள் என்று பின்தொடர்வதும், அதை வைத்து அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது என்கிறது. அவர்களுடைய விவரங்களை வாங்குவதற்கே பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், அந்த ஒப்புதல் உண்மையானதுதானா என்று சரிபார்த்தும் இருக்க வேண்டும். அதனால் ஒரே விளம்பரம், அம்மாவும் பிள்ளையும் ஒரே இடத்தில் இருக்கும்போது கேட்பது, அதற்குள்ளேயே முகம் திருப்பிப் பேசுவது என்ற வழியையே எடுத்தோம். சட்டத்தை விடுங்கள், பத்தாவது படிக்கும் பையனை அம்மாவுக்குத் தெரியாமல் தனியாகக் கூப்பிட்டுப் பேசும் டியூஷன் விளம்பரத்தை எந்த அம்மா நம்புவார்?

மாதிரியில் இருந்த மற்ற வரிகளையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். "95 மதிப்பெண் உறுதி" முதலில் போனது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் இயங்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பயிற்சித் துறை விளம்பரங்களுக்கென்று 2024 நவம்பரில் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. பயிற்சி என்பதற்குள் டியூஷனையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். மதிப்பெண் உத்தரவாதம் தருவது, இல்லாத அவசரத்தை உண்டாக்குவது, தேர்ச்சி பெற்றவர்களின் படத்தையும் பெயரையும் அவர்களுடைய எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் போடுவது எல்லாம் அதன்படி தவறு. தவறான விளம்பரத்துக்கு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். "முதல் 100 பேருக்கு மட்டும்" என்பது உண்மையா என்று கேட்டேன். சிரித்தார்கள். நூற்றியோராவது ஆள் வந்தாலும் அதே கட்டணம்தான் என்றார்கள். அதுவும் போனது.

"பக்கத்து வீட்டுப் பையன்" வரிக்கு வேறொரு தடை இருந்தது. இந்திய விளம்பரத் தர மன்றம், கல்வி விளம்பரங்களுக்கான தன் நெறிகளை 2023-இல் திருத்தியது. இது சட்டம் கிடையாது, விளம்பரத் துறை தனக்குத்தானே வகுத்துக்கொண்டது. குறைந்த மதிப்பெண் வாங்கும் மாணவரைத் தோற்றுப்போனவராகவோ, வீட்டில் பாசம் குறைந்தவராகவோ காட்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. தூக்கத்தையும் சாப்பாட்டையும் விட்டுப் படிப்பதை இயல்பானதாகக் காட்டக் கூடாது. இன்ன பாடம் பையன்களுக்கு, இன்ன பாடம் பெண்களுக்கு என்று சுட்டக் கூடாது. பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ இருக்கும் பதற்றத்தைக் கூட்டும்படி அவசரம் காட்டக் கூடாது. நான் இதைப் படித்தபோது இது என்னுடைய விதிதானே என்று பட்டது. பிள்ளை பக்கத்தில் இருக்கிறான் என்பதை நினைவில் வைத்து எழுதினால் இந்த நெறிகளில் பாதியைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

சரி, பயமுறுத்தக் கூடாது என்றால் பெற்றோரிடம் என்ன பேசுவது? கவலையோடுதான் வருகிறார்கள். அந்தக் கவலை எதைப் பற்றியது என்று தெரிந்தால் பேச்சு தானாக வரும். அம்மாபேட்டையில் ஒரு டியூஷன் சென்டர் விடும் நேரத்தில் வாசலில் நின்று அம்மாக்களிடம் பேசினேன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப்பட்டறை வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவரிடமும், அங்கே வேலை பார்க்கும் அப்பாக்களிடமும் பேசினேன். மதிப்பெண் குறைந்துவிடுமோ என்று அவர்கள் பயப்படவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. விளம்பரம் வந்து சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டுக்கு டியூஷன் வாத்தியார் என்றதும் அவர்கள் கேட்டவை வேறு. யார் வருவார், அவரைப் பற்றி யாருக்குத் தெரியும்? நாங்கள் வேலையிலிருந்து வர ஏழு மணி ஆகும், அதற்குள் வந்தால் வீட்டில் யார் இருப்பது? மாதக் கட்டணம் எவ்வளவு, அதை எப்போது கொடுப்பது?

இவற்றை நான் எதிர்பார்த்திருந்தேன். எதிர்பாராத ஒன்றை ஒரு அம்மா சொன்னார். அவர் பெண் ஒன்பதாவது படிக்கிறாள்.

"போன வருசம் எங்க நாத்தனார் சொன்னாங்கன்னு ஒருத்தர வெச்சோங்க. நல்ல மனுசன். ஆனா பாப்பாவுக்குப் புரியல. நிறுத்தலாம்னா எப்படீங்க சொல்றது? நாத்தனார் வீட்டுக்காரருக்குக் கூட்டாளி அவரு. வருசம் முடியற வரைக்கும் காசு குடுத்துட்டே இருந்தோம்."

இதைக் கேட்ட பிறகு மற்றவர்களிடமும் இதையே கேட்டுப் பார்த்தேன். ஆளுக்கொரு கதை இருந்தது. உறவு வழியாகவோ தெரு வழியாகவோ வந்த ஆசிரியரை நிறுத்துவது இந்த ஊரில் சின்ன விஷயமில்லை. நாளை ஒரு வளைகாப்பில் எதிரெதிரே உட்கார வேண்டும். சரிப்படாத டியூஷனை ஒரு வருடம் இழுப்பதற்குக் காசைவிட இந்தச் சங்கடம்தான் காரணம். அந்த இளைஞர்களின் செயலியில் "நிறுத்து" என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் அலுவலகத்திலிருந்து ஆசிரியரிடம் பேசுவார்கள், மீதி நாட்களுக்கான பணம் திரும்பி வரும். இதை அவர்கள் விளம்பரத்தில் சொல்லும் விஷயமாகவே நினைக்கவில்லை. "நிறுத்தறதப் பத்தி நாமளே எதுக்குக்கா சொல்லணும்?" என்றார்கள். எனக்கோ பெற்றோர் பகுதியின் முதுகெலும்பே அதுதான் என்று தோன்றியது. எளிதாக நிறுத்தலாம் என்று தெரிந்தால்தான் தொடங்கத் துணிவார்கள்.

எழுதுவதற்கு முன் இன்னும் சிலவற்றைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. மாதிரியில் இல்லாவிட்டாலும் அவர்கள் வாயால் அடிக்கடி சொன்ன ஒரு வரி, "காவல்துறை சரிபார்த்த ஆசிரியர்கள்." தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் ஒருவருடைய பின்னணியைச் சரிபார்க்க விண்ணப்பிக்கலாம். பட்டியலில் இருக்கும் எல்லோரும் அந்தச் சான்றைக் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டேன். கொடுத்தவர்கள் உண்டு, விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு, இன்னும் விண்ணப்பிக்காதவர்களும் உண்டு. அப்படியானால் மொத்தமாகச் சொல்ல முடியாது. சான்று கொடுத்தவர் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு பச்சைக் குறி வைக்கச் சொன்னேன். குறி இல்லாதவரும் பட்டியலில் இருக்கலாம், முடிவைப் பெற்றோர் எடுக்கட்டும். காவல் பதிவேட்டில் பெயர் இல்லை என்பதைத்தான் அந்தச் சான்று சொல்லும். பிள்ளையோடு தனியாக விடத் தக்கவர் என்று அது சொல்லாது. அதனால் வகுப்பு கூடத்தில் நடக்க வேண்டும், வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கும் நேரமாகப் பார்த்து வைக்க வேண்டும் என்பதைச் செயலியின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொன்னேன். விளம்பரத்தில் இதற்கு இடமில்லை, இருந்தாலும் எங்காவது சொல்லியாக வேண்டும்.

இன்னொரு வரி, "அனுபவம் வாய்ந்த பள்ளி ஆசிரியர்கள் உங்கள் வீட்டுக்கே." கேட்க இதைவிட நல்ல வரி கிடையாது. ஆனால் 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, ஆசிரியர் எவரும் தனி டியூஷனில் ஈடுபடக் கூடாது என்கிறது. பட்டியலைப் பார்த்தால் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள். பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்கள் இருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்ட எம்.எஸ்.சி. பட்டதாரிப் பெண்கள் நிறைய. இவர்களைப் பள்ளி ஆசிரியர் என்று சொல்வது பொய், பள்ளியில் வேலை பார்ப்பவர்களை உள்ளே கொண்டுவருவது வம்பு. "படித்த படிப்பும் மாதக் கட்டணமும் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கும்" என்று மாற்றிக்கொண்டோம்.

மூன்றாவது, ஆள் இருக்கிறார்களா என்பது. இப்படி இரண்டு பக்கத்தாரைச் சேர்த்து வைக்கும் தொழிலில் விளம்பரமே ஆபத்தாகிவிடும். ஒரு அம்மா ரேடியோவில் கேட்டு, செயலியை இறக்கி, தன் பகுதியைப் போட்டுத் தேடும்போது "ஆசிரியர் யாரும் இல்லை" என்று வந்தால் அன்றைக்கே அழித்துவிடுவார். திரும்ப வரவே மாட்டார். அதனால் பகுதி வாரியாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ், ஹஸ்தம்பட்டி பக்கம் கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆட்கள் தேவைக்கு மேலேயே இருந்தார்கள். குகை, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் குறைவு. அதிலும் தமிழ் வழியில் எடுக்கக்கூடியவர்கள் இன்னும் குறைவு. தேவை இருந்ததோ அங்கேதான். ஏற்காட்டுக்கும் இந்த ரேடியோ கேட்கும். ஆனால் சாயங்காலம் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், ஒரு மணி நேரம் பாடம் நடத்திவிட்டு, இருட்டில் இறங்கி வர எந்த ஆசிரியர் ஒப்புக்கொள்வார்? "சேலம் மாநகரத்துக்குள்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவது என்று முடிவானது. விளம்பரத்தையும் சில வாரம் தள்ளிப் போட்டு, குகை, அம்மாபேட்டைப் பக்கம் ஆசிரியர்களைச் சேர்த்த பிறகே ஆரம்பித்தார்கள். இந்தத் தள்ளிவைப்புக்காகத்தான் அதிகம் வாதாட வேண்டியிருந்தது. காலாண்டுத் தேர்வு மதிப்பெண் வெளிவரும் நேரத்தை விட்டுவிடுவோமே என்று பதறினார்கள். அரையாண்டு வரை நேரம் இருக்கிறது என்று சொல்லித்தான் நிறுத்தினேன்.

பிள்ளைகளிடம் பேசுவது வேறு மாதிரி இருந்தது. என் அண்ணன் மகள் பத்தாவது. அவளும் அவள் தோழிகளும் வீட்டுக்கு வந்திருந்தபோது பேச்சுக் கொடுத்தேன். டியூஷன் பிடிக்கவில்லை என்று ஒருத்தியும் சொல்லவில்லை. முதல் நாளே டெஸ்ட் வைப்பது பிடிக்காது. "இது கூடத் தெரியாதா" என்று கேட்பது பிடிக்காது. போகும்போது வாசலில் நின்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவது கொஞ்சமும் பிடிக்காது. பிறகு ஒரு பெண் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டேன். "எனக்கு மேத்ஸ் வராதுன்னு எல்லாரும் சொல்றாங்க அத்தை. எனக்கு மேத்ஸ் வரும். கிராஃப்தான் வராது."

அவள் சொன்னதன் மதிப்பு பத்தாம் வகுப்பு வினாத்தாள் தெரிந்தவர்களுக்குப் புரியும். மாநிலப் பாடத்திட்டத்தில் கணக்கு 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண் கேள்விகள் 14, இரண்டு மதிப்பெண்ணுக்கு 10, ஐந்து மதிப்பெண்ணுக்கு 10 எழுத வேண்டும். கடைசியில் எட்டு மதிப்பெண் கேள்விகள் இரண்டு. ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். இந்த இரண்டும் சேர்ந்தே 16. கிராஃப் வராதவள் ஒரே கேள்வியில் எட்டை விடுகிறாள். மதிப்பெண் அட்டையில் அது வெறும் குறைவாக விழுகிறது, வீட்டில் "கணக்கு வீக்" என்று பெயராகிறது. அவளுக்குத் தேவை ஆறு மாத டியூஷன் கிடையாது. அளவுத்திட்டம் எப்படி எடுப்பது, அட்டவணையில் மதிப்புகளை எப்படிக் கண்டுபிடிப்பது, புள்ளிகளைக் குறித்து எப்படிச் சேர்ப்பது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தர ஓர் ஆள், கொஞ்ச நாளுக்கு. வீட்டு டியூஷனால் உண்மையிலேயே செய்யக்கூடிய காரியம் அது. இருபது பேர் உட்காரும் சென்டரில் அது நடக்காது.

பிள்ளைக்கான பகுதி அங்கே பிறந்தது. செயலியில் பதிவு செய்யும்போது "பிள்ளைக்கு எதில் சிரமம்" என்று ஒரு கட்டம் வரும். அதை மாணவரே நிரப்பட்டும் என்று கேட்டுக்கொள்ளலாம். கடைசியில் ஒலித்த விளம்பரம் இது. நாற்பது வயதுப் பெண்ணின் குரலில் முதல் பகுதி:

"வீட்டுக்கு டியூஷன் சொல்லித் தர ஒருத்தர் வர்றாங்க. அவங்களப் பத்தி யாரைக் கேக்கிறது? சரிப்படலைன்னா எப்படி நிறுத்தறது? இந்த ரெண்டு கேள்வியும் உங்களுக்கு இருக்கும். சேலம் மாநகரத்துக்குள்ள, உங்க ஏரியாவுக்கு வரக்கூடிய ஆசிரியர்களை எங்க செயலியில பாருங்க. படிச்ச படிப்பும் மாசக் கட்டணமும் பேருக்குப் பக்கத்துலயே இருக்கும். காவல்துறைச் சான்று குடுத்தவங்களுக்குப் பச்சைக் குறி இருக்கும். முதல் வகுப்புக்குக் கட்டணம் இல்லை. பிடிக்கலைன்னா ஆளை மாத்திக்கலாம். அதை நீங்க சொல்ல வேணாம், நாங்களே சொல்லிக்கிறோம்."

நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு கல்லூரிப் பெண்ணின் குரல்:

"இப்ப உனக்கு. கணக்கே வரலைன்னு யாரும் சொல்ல வேணாம். கிராஃப் மட்டும்தானா? தேற்றம் மட்டும்தானா? அந்தப் பாடத்தோட பேரை நீயே எழுது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்குன்னு அம்மாவும் நீயும் சேர்ந்து முடிவு பண்ணுங்க. முதல் நாள் டெஸ்ட் கிடையாது."

மறுபடி முதல் குரல், வகுப்புகளையும் தமிழ் வழி, ஆங்கில வழி, சி.பி.எஸ்.இ. என்பதையும் சொல்லி, மிஸ்டு கால் எண்ணோடு முடிக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது திரும்பும் இடம். பெற்றோர் பகுதியில் பிள்ளையைப் பற்றி ஒரு சொல் கூடக் கிடையாது. முழுவதும் ஆசிரியரைப் பற்றியும் பெற்றோரின் சங்கடத்தைப் பற்றியும்தான். அதனால் பிள்ளை கேட்டாலும் சுருங்கிப்போக ஒன்றுமில்லை. பிள்ளைக்கான பகுதியை எழுதும்போது முதலில் "எத்தனை மணின்னு நீயே சொல்லு" என்றுதான் வைத்தோம். அம்மா காது வைத்துப் படித்தபோது அது இடித்தது. வீட்டில் பெரியவர் இருக்கும் நேரம்தான் வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, நேரத்தைப் பிள்ளையிடம் விடுவது எப்படி? "அம்மாவும் நீயும் சேர்ந்து" ஆனது அப்படித்தான்.

"முதல் நாள் டெஸ்ட் கிடையாது" என்பது நான்கே சொல். அதை ஒலிபரப்பும் முன் பட்டியலில் இருந்த ஆசிரியர்கள் எல்லோரிடமும் பேசி ஒப்புக்கொள்ள வைக்க வேண்டியிருந்தது. டெஸ்ட் வைக்காமல் பிள்ளையின் நிலை எப்படித் தெரியும் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கடைசியாக நடந்த பரீட்சையின் விடைத்தாளை வாங்கிப் பார்க்கச் சொன்னோம். எங்கே மதிப்பெண் போயிருக்கிறது என்று அதுவே காட்டும்.

குரல் பதிவின்போது ஒரு விஷயம். பிள்ளைக்கான பகுதியைப் பேச வந்த பெண் முதலில் உற்சாகத்தில் கத்திப் பேசினார், மிட்டாய் விளம்பரம் மாதிரி. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அப்படிப் பேசினால் தன்னைச் சின்னக் குழந்தையாக நினைக்கிறார்கள் என்று தோன்றும். "பக்கத்து ரூம்ல இருக்கிற தங்கச்சிகிட்ட சொல்ற மாதிரி சொல்லுங்க" என்றதும் சரியாகிவிட்டது. ரேடியோவில் நேரத்தைப் பத்து நொடிக் கணக்கில்தான் விற்பார்கள். செலவைக் குறைக்கப் பங்காளிகள் முப்பது நொடியாக்கச் சொன்னபோது, அவர்கள் கை முதலில் போனது பிள்ளையின் பகுதிக்குத்தான். பணம் கட்டுவது பிள்ளைகள் இல்லையே என்றார்கள். ஆனால் இலவச முதல் வகுப்பு முடிந்ததும் "எனக்கு வேணாம்மா" என்று சொல்லப்போவது அவர்கள்தான். ஒரு நாளைக்கு ஒலிக்கும் தடவையைக் குறைத்துக்கொண்டு நிமிடத்தை நிமிடமாகவே விட்டோம்.

பலன் எப்படி என்று பார்க்க, எத்தனை பேர் செயலியை இறக்கினார்கள் என்ற எண்ணையே அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது பெரிதாகச் சொல்லாது. நான் பார்க்கச் சொன்னது அந்தக் கட்டத்தை. விளம்பரத்துக்கு முன் பதிவானவற்றில் பெரும்பாலும் "மேத்ஸ் வீக்", "எல்லா சப்ஜெக்ட்டும்", "கவனம் இல்லை" என்றுதான் இருந்தது. அம்மா அப்பாவின் கைவரிசை. விளம்பரம் ஓட ஆரம்பித்த பிறகு வந்தவற்றில் "கிராஃப்", "தேல்ஸ் தேற்றம்", "முக்கோணவியல் ஹைட்ஸ் கணக்கு", "ஒளியியல் படம்" என்று வரத் தொடங்கின. ஒருவர் "கெமிஸ்ட்ரி சமன்பாடு பேலன்ஸ் பண்றது மட்டும், ப்ளீஸ்" என்று எழுதியிருந்தார். பிள்ளை போனை வாங்கி எழுதியிருக்கிறது என்று அதிலேயே தெரிந்தது. அப்படி எழுதியவர்களுக்கு ஆசிரியரைப் பொருத்துவதும் எளிதாக இருந்ததாக அலுவலகத்தில் சொன்னார்கள். எதைச் சொல்லித் தரப் போகிறோம் என்று தெரிந்துகொண்டே ஆசிரியர் போனார்.

ஒரு குறையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். இப்படி ஒரு பாடத்துக்காக வருபவர்கள் அந்தப் பாடம் முடிந்ததும் போய்விடுகிறார்கள். செயலிக்கு வருமானம் மாதக் கணக்கில்தான். பங்காளிகளுக்கு இது பிடிக்கவில்லை. போனவர்களில் சிலர் அடுத்த பாடத்துக்குத் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை. தொழில் கணக்கு அவர்களுடையது. குறைந்த நாள் வகுப்புக்குத் தனிக் கட்டணம் வைக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் கணக்கில் எடுக்காத ஒரு காதும் இருந்தது. விளம்பரம் ஓடத் தொடங்கிய பிறகு ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். அவர் பட்டியலில் இருப்பவர், அம்மாபேட்டைக்கு வரச் சம்மதித்த வெகு சிலரில் ஒருவர்.

"காலைல டீக்கடையில உட்கார்ந்திருக்கேன், ரேடியோவுல வருது. பிடிக்கலைன்னா ஆளை மாத்திக்கலாம்னு. பக்கத்துல இருக்கிறவன் என்னப் பார்த்துச் சிரிக்கிறான். முப்பது வருசம் பாடம் நடத்தினவன் நான், மாத்திக்கிறதுக்கு நான் என்ன சட்டையா?"

அவர் சொன்னது சரி. ஆசிரியரும் கேட்கிறார், அவர் இல்லாமல் இந்தச் செயலியே இல்லை. ஆனால் பெற்றோருக்கு மிகவும் தேவைப்பட்ட வரியும் அதுதான், எடுத்துவிட முடியாது. பதிவு செய்தவரை மறுபடி வரவழைத்து இரண்டு வரிகளை மட்டும் மாற்றினோம். "பிடிக்கலைன்னா ஆளை மாத்திக்கலாம்" இருந்த இடத்தில் "பிள்ளைக்குப் பாடம் பிடிபடலைன்னா வேற ஏற்பாடு பண்ணலாம்" என்று வந்தது. "நாங்களே சொல்லிக்கிறோம்" என்பது "ஆசிரியர்கிட்ட நாங்க மரியாதையா எடுத்துச் சொல்றோம்" என்று ஆனது. மூன்று நொடி கூடியது. அந்த மூன்று நொடியை வகுப்புகளைச் சொல்லும் கடைசிப் பகுதியைச் சுருக்கி எடுத்துக்கொண்டோம். புதிய பதிவை ஒலிபரப்பும் முன் அந்த ஆசிரியருக்கே போனில் போட்டுக் காட்டினார்கள். "மரியாதையா" என்ற இடத்தில் குரல் கொஞ்சம் நிதானிக்கட்டும் என்று அவர் ஒரு திருத்தம் சொன்னார், அதையும் செய்தோம்.